ஓணத்துக்குக் கருப்பட்டிக் கடலைமிட்டாய்: ஆகஸ்ட் 19 வெளியீட்டுத் திட்டம்

கொழிஞ்சாம்பாறை, 27 ஜூன் 2026, சனி

சாந்தி அக்கா, பிந்து, செந்தில், ராமசாமி மாமா எல்லோருக்கும்,

நேற்று திண்ணையில் உட்கார்ந்து பேசியதை எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர்தான் பொறுப்பு. உதவிக்கு யாரைக் கூப்பிட்டாலும் சரி, கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

திருவோணம் ஆகஸ்ட் 26, புதன். நாம் கடைகளில் வைப்பது ஆகஸ்ட் 19, அதற்கு முந்தைய புதன். அதற்குள் ஆவணி பிறந்துவிடும். ஆடியில் புதுத்தொழில் தொடங்க வேண்டாம் என்று மாமா சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கேரளத்திலும் கர்க்கடக மாதம் முடிந்து சிங்க மாதம் வந்துவிடும், வாங்குகிறவர்களும் அப்போதுதான் கையில் காசோடு வருவார்கள்.

அளவு 600 பாக்கெட், ஒவ்வொன்றும் 200 கிராம், மொத்தம் 120 கிலோ. விலை 80 ரூபாய். 12 கடைகளுக்குத் தலா 40, மீதி 120 நம் வீட்டு வாசலில். கடைகள்: கொழிஞ்சாம்பாறையில் 5, சித்தூரில் 4, தத்தமங்கலத்தில் 3.

போன வருஷம் நடந்ததை மறந்துவிட வேண்டாம். சூடு ஆறும் முன்பே பாக்கெட் போட்டுவிட்டோம். உள்ளே ஆவி தங்கி, மூன்றாம் நாளே மிட்டாய் நீர் விட்டுக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டியது. 40 பாக்கெட் திரும்பி வந்தது. அந்தக் கடைக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. இந்த முறையும் மழைக்காலத்தில்தான் செய்யப்போகிறோம். ஒட்டுகிற மிட்டாயைக் கொடுப்பதைவிட ஓணத்தைத் தவறவிடுவது எவ்வளவோ மேல். கீழே உள்ள தேதிகள் எல்லாம் இதை மனதில் வைத்துப் போட்டவை.

ஜூன் 30, செவ்வாய். சோதனை ஈடு. பொறுப்பு: சாந்தி அக்கா.
5 கிலோ மட்டும். கருப்பட்டி மட்டும் போட்டால் மழைக்காலத்தில் இளகிவிடுகிறது, அதனால் மூன்று பங்கு கருப்பட்டிக்கு ஒரு பங்கு வெல்லம். அக்கா, பாகு பதம் உங்கள் கையில்தான். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று கேட்க வேண்டும், விரலில் வளைந்தால் இன்னும் அடுப்பில் இருக்கட்டும். வெட்டிய பிறகு மின்விசிறியின் கீழ் இரண்டு மணி நேரம். கையின் பின்புறத்தை வைத்துப் பார்த்து, கொஞ்சமும் வெதுவெதுப்பு இல்லை என்றால் மட்டுமே பாக்கெட். பாதியைச் சாதாரணக் கவரிலும் பாதியை உள்ளே வெள்ளி நிறம் பூசிய கவரிலும் போட்டு, அடுக்களை அலமாரியில் வைக்கிறோம். பிரித்துப் பார்க்கும் நாட்கள் ஜூலை 15, ஜூலை 30, ஆகஸ்ட் 8. கெடு தேதியை எத்தனை நாளென்று போடுவது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். அதனால் தேதிகளை அச்சிடாமல் முத்திரையாகக் குத்திக்கொள்ளலாம்.

ஜூலை 6, திங்கள். லேபிள் வாசகம். பொறுப்பு: பிந்து.
தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும். பிந்து சொன்னது சரி, மலையாளத்தில் கப்பலண்டி மிட்டாய் என்று போட்டால்தான் அவர்கள் கை நீட்டுவார்கள். இருக்க வேண்டியவை: எடை, எல்லா வரியும் சேர்த்த விலை, தயாரித்த தேதி, கெடு தேதி, ஈடு எண், நம் முகவரியும் போன் எண்ணும், பச்சைப் புள்ளி, சத்து அட்டவணை, நம் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண். பொருட்களை எது அதிகமோ அதை முதலில் வைத்து எழுத வேண்டும்: கடலை, கருப்பட்டி, வெல்லம். வெல்லத்தை மறைக்க வேண்டாம். "நிலக்கடலை உள்ளது" என்று தனியாகவும் ஒரு வரி வேண்டும், அது ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். கோவில்பட்டி என்ற பெயர் எங்கேயும் வரக்கூடாது, அதற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

ஜூலை 13, திங்கள். அச்சுக்குக் கொடுப்பது. பொறுப்பு: பிந்து.
கையில் வர வேண்டியது ஜூலை 31. வராவிட்டால் ஆகஸ்ட் 3 திங்கள் காலையில் காத்திராமல் ஜெராக்ஸ் கடையில் வெள்ளை ஸ்டிக்கரில் அதே வாசகம் 600 எடுத்துவிட வேண்டும். அழகு குறையும், ஆனால் ஒரு விவரமும் விடக்கூடாது.

ஜூலை 20, திங்கள். கடைகளிடம் பேசி முடிப்பது. பொறுப்பு: செந்தில்.
12 கடையிலும் எந்த இடத்தில் வைப்பார்கள், பணம் எப்போது தருவார்கள், விற்காததை எப்போது எடுத்துக்கொள்வது, இந்த மூன்றையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடு தம்பி.

பொள்ளாச்சிக் கடைகள் இந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்து ஊர் மாதிரி நாம் போய் வந்தாலும், கோபாலபுரம் தாண்டினால் அது வேறு மாநிலம். விற்பனை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்க ஜிஎஸ்டி பதிவு வேண்டும். நமக்கு இன்னும் இல்லை. "நாலு பாக்கெட்தானே, வண்டியில் வைத்துக் கொடுத்துவிடலாம்" என்று யார் கேட்டாலும் வேண்டாம். பதிவுக்கு ஜூலையிலேயே நான் விண்ணப்பிக்கிறேன், எண் வந்த பிறகு தீபாவளிக்கு அந்தப் பக்கம் போகலாம்.

ஜூலை 30, வியாழன். கடலை, கருப்பட்டி வாங்குவது. பொறுப்பு: ராமசாமி மாமா.
நிலக்கடலைப் பருப்பு 85 கிலோ, கருப்பட்டி 38, வெல்லம் 13. மாமா, மூட்டையின் மேலே மட்டும் பார்க்காமல் அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். சுருங்கியது, பூசணம் பிடித்தது, கசப்பது ஒன்று இரண்டு தெரிந்தாலும் அந்த மூட்டை வேண்டாம், அது உடம்புக்கே கெடுதல். கருப்பட்டி கையில் பிசுபிசுத்தாலும் வேண்டாம். அன்று நல்ல சரக்கு கிடைக்காவிட்டால் ஆகஸ்ட் 6, அடுத்த வியாழன் இன்னொரு முறை. அன்றும் இல்லையென்றால் கிடைத்த அளவுக்கே செய்வோம்.

ஆகஸ்ட் 10 திங்கள் முதல் 15 சனி வரை. தயாரிப்பு. பொறுப்பு: சாந்தி அக்கா. பாக்கெட்: மல்லிகாவாகிய நான்.
தினம் 100. காலை 6 மணிக்கு அடுப்பு, 11க்குள் வெட்டி முடித்து, 2 மணிக்கு சீல். மழைக்குக் கரண்ட் போனால் புது ஈடு போட வேண்டாம். ஆறியதை மூடி இறுக்கமான டின்னில் அடுக்கி வைத்து, கரண்ட் வந்ததும் சீல் போடலாம். எல்லா நாளும் முதல் பாக்கெட்டையும் கடைசிப் பாக்கெட்டையும் தேதி எழுதி எடுத்து வைப்பேன்.

ஆகஸ்ட் 12, புதன், மாலை 6 மணி. முடிவெடுக்கும் நாள். எல்லோரும் வர வேண்டும், பிந்துவும் டியூஷன் முடித்து நேரே வந்துவிடட்டும். அன்று 250 பாக்கெட்டும் லேபிளும் கையில் இருந்து, ஜூன் 30 பாக்கெட் உடைத்தால் மொறுமொறுவென்று இருந்தால் 19 உறுதி. 150க்கும் 250க்கும் நடுவில் இருந்தால் தேதி மாறாது, சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் மட்டும் கொடுப்போம், தத்தமங்கலத்துக்குச் செந்தில் மறுநாளே போன் செய்து சொல்லிவிடுவான். அதற்கும் குறைவென்றால் ஆகஸ்ட் 22 சனிக்குத் தள்ளுகிறோம், வீட்டு வாசல் விற்பனை மட்டும்.

எத்தனை பாக்கெட் இருந்தாலும் மிட்டாய் ஒட்டினால் ஓணம் கிடையாது. நவம்பர் 8 தீபாவளிக்குப் போகிறோம். அந்த முடிவைச் சொல்ல வேண்டியவள் நான், கடைக்காரர்களிடம் பேசப்போவதும் நான். செந்திலை அனுப்பமாட்டேன்.

ஆகஸ்ட் 18, செவ்வாய். செந்தில் 12 பெட்டி கட்டி, மேலே கடைப்பெயர் எழுதி, மழைக்குத் தார்ப்பாய் சுற்றி வைக்க வேண்டும். 19 காலை 7 மணிக்கு முதல் பெட்டி சித்தூருக்கு. மதியத்துக்குள் 12 கடையும் முடிய வேண்டும்.

ஆகஸ்ட் 22, சனி. செந்தில் எல்லாக் கடையும் ஒரு சுற்று. ஒரு பாக்கெட்டையாவது கையால் அழுத்திப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். இளகியிருந்தால் அந்த ஈடு எண் உள்ள எல்லாப் பாக்கெட்டையும் அன்றே திரும்ப எடுத்து வா, கணக்கு பிறகு பார்க்கலாம்.

இதில் எந்தத் தேதி நழுவினாலும் அன்று இரவே எனக்குச் சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை சோதனை ஈட்டுக்குக் கருப்பட்டி என்னிடம் 2 கிலோ இருக்கிறது, கடலை மட்டும் அக்கா கொண்டுவந்தால் போதும்.

மல்லிகா