புதன் இரவு ஷிப்ட்டை மாற்றிக்கொள்ள முடியுமா, அண்ணே?

முதலில் எழுதி வைத்தது:

சேகர் அண்ணே, வர்ற புதன் நைட்டு என் ஷிப்ட்ட நீங்கதான் பாக்கணும். அம்மாவுக்கு வியாழன் காலையில ஈப்போவுல ஆபரேசன். எனக்கு வேற ஆளு இல்ல. உங்க சாயந்தர ஷிப்ட்ட நான் பாத்துக்கிறேன். சூப்பர்வைசர்கிட்ட உங்க பேர சொல்லிடுறேன். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

திருத்தி அனுப்பியது:

சேகர் அண்ணே, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருப்பீர்கள். அவசரமில்லை, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். ஃபோன் பண்ணியே கேட்டிருக்கலாம். ஆனால் ஃபோனில் நான் கேட்டால் நீங்கள் யோசிக்காமல் "சரி தம்பி" என்று சொல்லிவிடுவீர்கள். அண்ணியிடம் பேசி, உங்கள் வேலையைப் பார்த்து, முடியுமா முடியாதா என்று முடிவெடுக்க உங்களுக்கு நேரம் வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேசனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்: ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை. காலை 7.30க்கு அங்கே இருக்க வேண்டும். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆனால் கண்ணில் கட்டுப் போட்டிருக்கும், கூட ஆள் இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். அம்மாவை உங்களுக்குத் தெரியும். "நான் பஸ் ஏறிப் போய்க்கிறேன், நீ வேலையைப் பாரு" என்கிறார். பஸ் பக்கத்தில் வந்து நின்றாலும் நம்பரைப் படிக்க முடியவில்லை. போன மாதம் ஒருநாள், சுங்கை சிப்புட் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையனிடம் கேட்டுத்தான் ஏறியிருக்கிறார். ரப்பர் மரத்தில் இருட்டிலேயே கோடு பிசகாமல் பால் வெட்டிய கண்ணு அது. அதை இப்படிப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

இந்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட். புதன் இரவு 11 மணிக்கு ஏறினால் வியாழன் காலை 7 மணிக்குத்தான் இறங்குவேன். ஈப்போவுக்கு முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது, காலை நேர நெரிசல் வேறு. 7.30க்குப் போய்ச் சேரவே முடியாது. ஒரு மணி நேரம் முன்னாடி விடச் சொன்னாலும், இரவு முழுக்கக் கண் விழித்துவிட்டு அம்மாவை உட்கார வைத்துக் கார் ஓட்ட எனக்குப் பயமாக இருக்கிறது. நைட் முடித்துவிட்டு மோட்டாரில் வீட்டுக்குப் போகும்போதே சில நாள் கண் சொருகுகிறது.

நான் கேட்பது: புதன்கிழமைக்கு மட்டும் உங்கள் 3 மணி முதல் 11 மணி வரையுள்ள ஷிப்ட்டை நான் பார்க்கிறேன், என் 11 மணி ஷிப்ட்டை நீங்கள் பார்க்க முடியுமா?

யாருக்கும் ஷிப்ட் மேல் ஷிப்ட் விழாத மாதிரி கணக்குப் பார்த்துவிட்டேன். செவ்வாய் இரவு 11 மணிக்கு நீங்கள் இறங்கினால், புதன் இரவு 11 மணி வரை உங்களுக்கு முழு நாள் ஓய்வு. வியாழன் காலை 7 மணிக்கு மணியம் அண்ணன் வந்து மாற்றிவிடுவார். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வியாழன் மதியம் 3 மணிக்கு உங்கள் வழக்கமான ஷிப்ட் இருக்கிறது. நடுவில் எட்டு மணி நேரம்தான். வீட்டுக்குப் போய்க் குளித்துப் படுத்தால் ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தால் பெரிது. உங்கள் வயதுக்கு அது லேசில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான். அதனால் இன்னொரு வழியும் யோசித்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வழி: புதன் இரவுக்கு நான் வருடாந்திர லீவு போட்டுவிடுகிறேன். நீங்கள் வழக்கம்போல் 3 மணிக்கு ஏறி, 11 மணிக்கு இறங்காமல் வியாழன் விடியற்காலை 3 மணி வரை இருப்பீர்கள். மணியம் அண்ணன் காலை 7 மணிக்குப் பதிலாக 3 மணிக்கே வருவார். ஆளுக்கு நாலு மணி நேரம் கூடுதல். மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். ஒரு நாளைக்குச் சட்டம் விடுகிற உச்சமும் அதுதான், அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட வேண்டாம். அந்த நாலு மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம் உங்கள் இருவர் கணக்கிலும் ஏறும். இதில் உங்களுக்கு நல்லது என்னவென்றால், 3 மணிக்கு இறங்கினால் அடுத்த ஷிப்ட்டுக்குப் பன்னிரண்டு மணி நேர ஓய்வு இருக்கும். மணியம் அண்ணனிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. முதலில் உங்களிடம் கேட்பதுதான் முறை. இந்த வழி தோதுப்படும் என்றால், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீங்கள் எனக்காக யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வழிக்கே நீங்கள் சம்மதித்தால், புதன் 3 மணி முதல் 11 மணி வரை லேபில் நான்தானே இருப்பேன். நீங்கள் ஏறும்போது எல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை அன்றைக்கே புதிதாகக் கலந்து, அளவு சரிபார்த்து, தேதி எழுதி வைத்துவிடுகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எடுக்கிற செம்பனை எண்ணெய் மாதிரிக்குப் போத்தல்களை நேரம் ஒட்டி வரிசையாக அடுக்கி வைக்கிறேன். ஈரப்பதம் பார்க்கிற கிண்ணங்களையும் காயவைத்து டெசிக்கேட்டரில் வைத்திருப்பேன். அப்புறம் அந்த இடதுபக்க பியூரெட். அதன் குழாய் மறுபடியும் கசிகிறது. வெள்ளிக்கிழமை இரவு பார்த்தேன், மூடின பிறகும் ஒரு சொட்டு நுனியில் திரண்டு நின்றது. அந்த ஒரு சொட்டு விழுந்தாலே இளஞ்சிவப்பு முந்திக்கொண்டு வந்துவிடும், அமில அளவு தப்பாகப் பதிவாகும். அதைக் கழற்றிவிட்டு ஸ்டோரிலிருந்து வேறு மாட்டி வைக்கிறேன். ட்யூப் லைட் வெளிச்சத்தில் அந்த நிறம் வந்ததா வரவில்லையா என்று தடுமாறினால் கீழே வெள்ளைத் தாளை வைத்துப் பார் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். தாளும் பக்கத்திலேயே இருக்கும்.

வேலை குறைவாக இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். பழம் ஏறுகிற மாதம் இது. சாயந்திரம் ஆறு மணிக்கும் லோரிகள் கேட்டைத் தாண்டி நிற்கின்றன. வெட்டின குலையை ஒரு நாளுக்குள் வேகவைக்காவிட்டால் அமிலம் ஏறிவிடும், அதனால் இரவிலும் ஓட்டத்தான் செய்வார்கள். எண்ணெயில் அமிலம் ஐந்து சதவீதத்தைத் தொட்டுவிடக்கூடாது என்று எல்லோரும் லேபைத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் அந்த இரவை யாரிடமாவது விட்டால் போதும் என்று நினைக்காமல் உங்களிடம் கேட்கிறேன்.

நைட் அலவன்ஸ் அன்றைக்கு உங்களுக்குத்தான் வர வேண்டும். பட்டியலில் பெயர் மாறினால்தான் அது உங்கள் சம்பளத்தில் ஏறும். எனவே வாய்ப்பேச்சாக மாற்றிக்கொள்ள வேண்டாம். நீங்கள் சரி என்று சொன்ன பிறகு மட்டும் நான் சூப்பர்வைசரைப் பார்த்து, ஷிப்ட் பட்டியலில் எழுத்தில் மாற்றச் சொல்கிறேன். அதுவரை உங்கள் பெயர் என் வாயிலிருந்து வராது.

இப்போது உங்கள் பக்கத்து விஷயம். ஆகஸ்ட் 14 கடைசி ஆடி வெள்ளி. அன்று இரவு அம்மன் ஊர்வலம் என்றும், கமிட்டியில் இருந்துகொண்டு ரதத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் போகுமோ என்றும் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்த வாரம் உங்களுக்கு நைட், எனக்குக் காலை. வெள்ளி இரவு 11 மணி ஷிப்ட்டை நான் பார்க்கிறேன். பதிலுக்கு சனி காலை 7 மணிக்கு என் இடத்தில் நீங்கள் ஏறினால் போதும். ஊர்வலம் திரும்பி வர நேரமாகி, காலையில் எழ முடியாது என்று பட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், சனி காலைக்கு வேறு வழி பார்ப்போம்.

இது புதன்கிழமைக்கு விலை இல்லை, அண்ணே. நீங்கள் முடியாது என்று சொன்னாலும் ஆடி வெள்ளி இரவு என் பொறுப்புதான். அதை இப்போதே உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முடியாது என்றால் எனக்கு என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த யோசனையிலேயே சரி சொல்லிவிடுவீர்கள். ஒன்றும் கெட்டுப்போகாது. அக்கா வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். வியாழன் அவருக்குப் பயணம் இருக்கிறதா இல்லையா என்று செவ்வாய்க்கிழமைதான் தெரியும். இல்லை என்றால் அவர் அம்மாவைக் கூட்டிப் போவார், நான் ஷிப்ட் முடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்விடுவேன். அவருக்கும் பயணம் வந்துவிட்டால், சூப்பர்வைசரிடம் லீவு கேட்டு, ஆள் போடுவதை அவரிடமே விட்டுவிடுவேன். இரண்டும் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் நடக்கக்கூடியவை.

திங்கள் சாயந்திரம் நீங்கள் ஏறிய பிறகு, ஒரு ஏழு எட்டு மணிக்குள் ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். "முதல் வழி", "இரண்டாவது வழி", "முடியாது தம்பி": மூன்றில் எது வந்தாலும் எனக்குச் சரி. காரணம் எழுத வேண்டாம். அண்ணிக்கு அன்று ஏதாவது வேலை இருக்கலாம், உங்களுக்கே உடம்பு அசதியாக இருக்கலாம், அல்லது நைட் பார்க்க மனசில்லாமல் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா உங்களையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இந்த ஷிப்ட் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தேதியைத் தள்ளிவைக்கிறேன் என்று கிளம்பிவிடுவார். நீங்களும் கடைத்தெருவில் பார்த்தால் சொல்லிவிடாதீர்கள்.

நாளை இரவு 11 மணிக்கு ஷிப்ட் மாறும்போது பார்ப்போம். பியூரெட்டை அப்போதே கழற்றிக் காட்டுகிறேன்.

அன்புடன்,
தினேஷ்