சிகிச்சைக்காக விடுப்புக் கோரும் விண்ணப்பம்

மதுரை
06.11.2024

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நம் கடையில் ஒன்பது வருடமாகக் கணக்கு எழுதி வருகிறேன். நேரில் சொல்ல இரண்டு முறை வந்து, வாய் வராமல் திரும்பிவிட்டேன்.

எனக்கு ஆன்லைன் ரம்மிப் பழக்கம் இருக்கிறது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே குடோன் படிக்கட்டில் போனோடு உட்கார்ந்திருப்பேன். சம்பளம் வந்த அன்று இரவே தீர்ந்துவிடும். தீபாவளி போனஸும் அப்படியே போனது. அப்புறம்தான் வீட்டில் சொன்னேன்.

14416 உதவி எண்ணில் பேசி, அவர்கள் சொன்னபடி அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டினேன். இது நோய்தான், தொடர்ந்து ஆலோசனைக்கு வர வேண்டும் என்றார் மருத்துவர். எனவே 11.11.2024 முதல் 30.11.2024 வரை விடுப்பு தர வேண்டுகிறேன். மருத்துவ விடுப்பு 12 நாள் பாக்கி உள்ளது. மீதிக்குச் சம்பளம் வேண்டாம்.

கடைப் பணத்தில் கை வைத்ததில்லை. இருந்தாலும் பேரேட்டையும் கல்லாவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் சில மாதம் ரொக்கம் என்னிடம் வர வேண்டாம், சரக்குப் பதிவு போதும். விஷயம் தங்களோடு இருக்கட்டும் ஐயா.

இணைப்பு: மருத்துவச் சீட்டு நகல்.

தங்கள் பணிவுள்ள,
செ. முருகன்
கணக்கு எழுத்தர்