முத்துக்குமார் அண்ணன் பணியில் 25 ஆண்டு முடித்ததற்கான பாராட்டு விழாவில் பேசியது

மேடையில் இருக்கும் செயற்பொறியாளர் அவர்களுக்கும், நம் ஏ.இ. சாருக்கும், துணைமின் நிலையத்திலிருந்து ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கும் நண்பர்களுக்கும், முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

முத்துக்குமார் அண்ணன் 2000-இல் மின்வாரியத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அப்புறம் வயர்மேன், இப்போது லைன் இன்ஸ்பெக்டர். இடையில் 2010-இல் வாரியம் பிரிந்தது, 2024-இல் மறுபடியும் பெயர் மாறியது. ஊர்க்காரர்களுக்கு நாம் இன்றும் இ.பி.காரர்கள்தான். கரண்ட் போனால் அவர்கள் முதலில் கூப்பிடுவது ஆபீஸ் நம்பரை அல்ல, அண்ணனின் நம்பரை. அந்த நம்பரை அவர் இதுவரை மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானே சொல்லிப் பார்த்தேன். "வயசானவங்க மனப்பாடமா வச்சிருக்காங்கப்பா" என்று முடித்துவிட்டார்.

நான் உதவியாளராக வந்த முதல் வாரத்தில் அவர் என்னைக் கம்பத்தில் ஏற்றவில்லை. லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்குவது, பூட்டுவது, மூன்று பிளேடும் முழுசாகப் பிரிந்திருக்கிறதா என்று கீழே நின்று கண்ணால் பார்ப்பது, டெஸ்டர் வைப்பது, வேலை செய்யும் இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எர்த் ராடு போடுவது, இதையேதான் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். எனக்கு அலுப்பாக இருந்தது. துணைமின் நிலையத்தில் ஃபீடரை ஆஃப் செய்து, வேலை பார்க்கலாம் என்று எல்.சி.யும் கொடுத்த பிறகு செத்த லைனுக்கு எதற்கு இரண்டு ராடு என்று கேட்டேன். "நாம ஆஃப் பண்ணினது நமக்குத் தெரியும். வேற எவன் ஆன் பண்ணுறான்னு நமக்குத் தெரியாது" என்றார்.

அதன் அர்த்தம் இரண்டு வருடம் கழித்து ஒரு முகூர்த்த நாளில் புரிந்தது. மழையில் 11 கே.வி. லைனில் ஒரு ஜம்பர் அறுந்திருந்தது. எல்.சி. வாங்கியாயிற்று, சுவிட்ச் பூட்டியாயிற்று. நான் பெல்ட் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அண்ணன் ராடின் கொக்கியைக் கம்பியில் மாட்டப்போனார். பட்டென்று ஒரு வெடிப்பு, நீல வெளிச்சம். கொஞ்ச தூரத்தில் இருந்த கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கிடையாது. ஜெனரேட்டர் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாகத் திரும்பி, டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, நாங்கள் கை வைக்க இருந்த கம்பியில் 11 ஆயிரம் வோல்ட்டாக நின்றிருக்கிறது.

யாருக்கும் பேச்சு வரவில்லை. அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு, "வாங்க, டீ குடிச்சிட்டு வந்து ஏறலாம்" என்றார். டீக்கடைக்குப் போகும் முன் நேராக மண்டபத்துக்குப் போனார். சத்தம் போடவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லி, நடந்ததை உரிமையாளருக்குப் புரியும்படி சொன்னார். மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் சேஞ்ச் ஓவர் போடும்வரை பக்கத்திலேயே நின்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம், நம் பிரிவில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு மண்டபத்துக்கும், ஐஸ் கம்பெனிக்கும், அரிசி ஆலைக்கும் லீவு நாளில்கூடப் போய்ப் பார்த்தார். யாரும் உத்தரவு போடவில்லை.

இங்கே இருப்பவர்களுக்கு அவருடைய இன்னொரு பழக்கமும் தெரியும். வேலை முடிந்ததும் எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இறங்கிட்டேன்" என்று நாம் வாயால் சொல்ல வேண்டும். எதிரிலேயே நின்றாலும் சொல்ல வேண்டும். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் போனை எடுப்பார். இந்த 25 ஆண்டில் அண்ணன் எல்.சி. எடுத்த ஒரு வேலையிலும் ஒருவருக்கும் கரண்ட் அடித்ததில்லை. நம் வேலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த அறையில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

கஜா புயலைப் பற்றிச் சொல்லாமல் இறங்க முடியாது. 2018 நவம்பர் 16 விடிந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் இருந்த கோலம் நம் எல்லோருக்கும் கண்ணில் இருக்கிறது. மரம் விழுந்து கம்பி போனது, கம்பி இழுத்துக் கம்பம் போனது, சாலையே தெரியவில்லை. வெளிமாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். நல்ல வேலைக்காரர்கள், ஆனால் எந்த லைன் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் கரும்பலகையில் அண்ணன் சாக்பீஸை எடுத்து நம் பிரிவு முழுவதையும் வரைந்தார். எந்த டிரான்ஸ்பார்மர் எந்த ஃபீடர், எங்கே இரண்டு லைன் குறுக்கே போகிறது, எந்த வாய்க்காலில் வண்டி இறங்காது என்பதுவரை எல்லாம் நினைவிலிருந்து. ஒவ்வொரு குழுவோடும் உள்ளூர் ஆள் ஒருவரை அனுப்பினார்.

முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் குடிநீர் மோட்டார்கள், அப்புறம் ஊர்கள். அண்ணன் வீடு கிளை லைனின் கடைசியில் இருக்கிறது. ஓடு பறந்து, தார்ப்பாய் போட்ட வீட்டில் அண்ணியும் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரும் மெழுகுவர்த்தியில் இருந்தார்கள். வரைபடத்தைப் போட்டதே அவர்தான், நினைத்திருந்தால் ஒரு குழுவை முன்னாடியே அந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். ஒருநாள் அண்ணி போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "வரிசைப்படி வரும்மா" என்றார், அவ்வளவுதான். நம் பிரிவில் கடைசியாக விளக்கு எரிந்த தெருக்களில் அண்ணன் தெருவும் ஒன்று. சாலை மறியலுக்கு உட்கார்ந்தவர்களிடம் அவர் போய்ப் பேசினால் ஏன் எழுந்து போனார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். அவர் வீட்டிலும் கரண்ட் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

அண்ணி, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு நாங்கள் கூப்பிடும்போது பல தடவை போனை எடுத்தது நீங்கள். "இருப்பா, எழுப்புறேன்" என்பதைத் தவிர வேறு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்ததில்லை. தீபாவளி, பொங்கல் என்று எந்த நாளையும் அவர் முழுசாக வீட்டில் கழித்ததில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். இந்தப் பாராட்டில் பாதி உங்களுக்குச் சேர வேண்டியது.

புதிதாக வந்திருக்கும் கேங்மேன் தம்பிகளே, அண்ணன் ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் பனிக்காலத்தில் உப்புப் படிந்த இன்சுலேட்டர் எந்தக் கம்பத்தில் முதலில் பொரியும் என்று அவரிடம் கேளுங்கள். மயில் உட்கார்ந்து டிரிப் ஆன லைனை டார்ச் அடித்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேளுங்கள். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் எழுதியில்லை. கேட்டால் சலிக்காமல் சொல்வார், இரண்டாம் முறை கேட்டாலும் சொல்வார். நான் மூன்றாம் முறையும் கேட்டிருக்கிறேன்.

அண்ணே, நீங்கள் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தீர்கள். அதைவிட, ஒவ்வொரு நாள் சாயங்காலமும் என்னை முழுசாக வீட்டுக்கு அனுப்பினீர்கள். என் அம்மா சார்பிலும், இங்கே இருக்கும் எல்லார் வீட்டுப் பெரியவர்கள் சார்பிலும் நன்றி.

இப்போது ஏ.இ. சார் பொன்னாடை போர்த்துவார். எல்லோரும் சேர்ந்து வாங்கிய கைக்கடிகாரத்தைச் செயற்பொறியாளர் வழங்குவார். அண்ணி, நீங்களும் பிள்ளைகளோடு மேடைக்கு வாருங்கள். அண்ணே, நீங்களும் எழுந்து வாங்க.