அதே இடம், அதே போன், வேறு படம்

ஸ்லைடு 1 (முகப்பு)
அதே இடம், அதே போன், வேறு படம்
குமரி மாவட்டத்தில் போனில் படம் எடுக்கிறவர்களுக்கு

இடப்பக்கம் போனைத் தூக்கியதும் எடுத்தது. வலப்பக்கம் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு எடுத்தது. இரண்டிலும் எடிட் கிடையாது.
தள்ளிப் பாருங்கள் →

ஸ்லைடு 2: முதலில் லென்ஸைத் துடையுங்கள்
இடது: முட்டம் கலங்கரை விளக்கம், படம் முழுக்கப் பால் ஊற்றியது போல ஒரு மூட்டம்.
வலது: துடைத்த பிறகு. வானம் நீலம், பாறையின் செம்மை தனியாகத் தெரிகிறது.

கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றாலே லென்ஸில் உப்பு படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். மணல் ஒட்டியிருந்தால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். ஊதித் தள்ளிவிட்டு, லேசான ஈரத்துணியால் ஒற்றி, அப்புறம் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள்.

ஸ்லைடு 3: வெளிச்சம் எதிரே இருந்தால்
இடது: கன்னியாகுமரி கரையிலிருந்து அதிகாலை. வானம் வெளுத்துவிட்டது, வள்ளுவர் சிலை சாம்பல் நிறத்தில் மங்கலாக நிற்கிறது.
வலது: அதே நேரம். வானம் ஆரஞ்சு, சிலையும் விவேகானந்தர் பாறையும் கறுப்பு உருவங்கள்.

காலையில் கரையில் நின்றால் சூரியன் சிலை இருக்கும் பக்கத்திலிருந்துதான் எழுகிறது. நாம் பார்க்கிற பக்கம் நிழல். அந்த நிழலை வெளிச்சமாக்கப் போன் பாடுபடும்போது வானத்தின் நிறம் போய்விடுகிறது.

செய்ய வேண்டியது: சிலையைத் தொடாதீர்கள், சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் திரையில் தொடுங்கள். விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும் (ஐபோனில் AE/AF LOCK என்று வரும்). பக்கத்தில் தெரியும் சின்னச் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வானத்தின் நிறம் திரும்பி வந்ததும் நிறுத்துங்கள்.

133 அடிச் சிலை அது. உருவம் மட்டும் தெரிந்தாலே போதும், யாருக்கும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்லைடு 4: கல்லின் நெளிவு வேண்டுமென்றால்
இடது: காலைப் படம், கறுப்பு உருவம்.
வலது: மாலைப் படம். மடிப்பு, விரல், கல்லின் இணைப்புக் கோடு எல்லாம் தெரிகிறது.

மாலையில் வாருங்கள். மேற்கு வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போதுதான் செதுக்கலில் மேடும் பள்ளமும் தெரியும். இதற்கு எந்த ஃபில்டரும் ஈடாகாது.

ஸ்லைடு 5: உச்சி வெயிலில் மாட்டிக்கொண்டால்
இடது: மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலே, மதியம். முகத்தில் கண் இருக்கும் இடம் இரண்டு குழி மாதிரி.
வலது: பாலத்துக்குக் கீழே, தூணின் நிழலில். முகம் தெளிவு, கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி.

நிழலுக்குள் நிறுத்துங்கள், ஆனால் நிழலின் ஓரத்தில். முகம் வெளிச்சமான பக்கத்தைப் பார்க்கட்டும். வெயில் பட்ட தரையிலிருந்து எழும் ஒளி முகத்தை மென்மையாக நிரப்பும்.

இன்னொன்று. மேலே நின்று எடுத்தால் பாலத்தின் உயரம் படத்தில் வராது. கீழே இறங்குங்கள். தூணின் அடியில் ஒரு ஆளை நிறுத்தி, நீங்கள் தள்ளிப் போய்த் தாழ்வாக உட்கார்ந்து எடுங்கள். தூண் எவ்வளவு உயரம் என்பதை அந்த ஆள் சொல்லிவிடுவார்.

ஸ்லைடு 6: கடல் சாய்ந்தால் எல்லாம் போச்சு
இடது: சங்குத்துறை, கடல்கோடு வலப்பக்கம் இறங்குகிறது, படத்தின் சரிபாதியில்.
வலது: கோடு நேர். கீழே ஒரு பங்கு கடல், மேலே இரண்டு பங்கு மேகம்.

கேமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளைப் போட்டு வையுங்கள். கடல்கோட்டை மேல் கோட்டிலோ கீழ்க் கோட்டிலோ ஒட்டுங்கள். மேகம் நன்றாக இருந்தால் வானத்துக்கு இடம், அலை நன்றாக இருந்தால் கடலுக்கு இடம்.

ஸ்லைடு 7: தோவாளை பூச்சந்தை
இடது: நின்ற உயரத்தில் எடுத்தது. முதுகுகள், தலைகள், பூ எங்கோ ஒரு மூலையில். மேலே நீலத் தார்ப்பாய், பிச்சிப்பூவே நீலமாகிவிட்டது.
வலது: கூடைக்கு நேர் மேலே போன். சட்டம் முழுக்கக் கேந்தி, நடுவில் அள்ளும் இரண்டு கைகள்.

எனக்கு இந்த மாவட்டத்தில் படம் எடுக்க மிகவும் பிடித்த இடம் இது. ஆனால் கூட்டத்தை மொத்தமாக எடுக்கப் போனால் ஒன்றும் கிடைக்காது. ஒரு கூடை, ஒரு சாக்கு, ஒரு ஜோடிக் கை. அவ்வளவு போதும்.

போனைத் தரைக்கு இணையாகப் படுக்க வைத்துப் பிடியுங்கள். உங்கள் நிழல் பூவின் மேல் விழாத பக்கம் நில்லுங்கள். தார்ப்பாய்க்கு அடியில் வருகிற வெளிச்சம் தார்ப்பாயின் நிறத்தைக் கொண்டுவரும். அதனால் வெள்ளைப் பூவை எப்போதும் திறந்த வானத்துக்குக் கீழே எடுங்கள். கேந்தி, கோழிக்கொண்டை கொஞ்சம் தாங்கும். ஃபிளாஷ் வேண்டாம், பூவின் ஈரம் வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிடும்.

வியாபாரம் மும்முரமாக நடக்கிறபோது நடைபாதையை மறிக்காதீர்கள். தலையில் சுமையோடு வருகிறவருக்கு நம் படத்துக்காக நிற்க நேரமில்லை.

ஸ்லைடு 8: சட்டத்துக்குள் ஒரு சட்டம்
இடது: பத்மநாபபுரம் அரண்மனை, கூடத்தின் நடுவில் நின்று எடுத்தது. சன்னல் வெள்ளையாக எரிந்துபோய், மற்றதெல்லாம் இருட்டு.
வலது: வாசற்படிக்கு இப்பால் நின்று எடுத்தது. கதவு நிலை நாலு பக்கமும் கறுப்புச் சட்டம், உள்ளே கறுப்புத் தரையில் சன்னல் வெளிச்சம் பளபளக்கிறது.

உள்ளே போகும் அவசரத்தைக் கொஞ்சம் அடக்குங்கள். நிலைக்கு வெளியே நின்றால் மரவேலையே படத்துக்கு விளிம்பு போட்டுக்கொடுக்கும். தரையில் விழுந்த வெளிச்சத்தைத் தொட்டு, அதற்கேற்ப வெளிச்சத்தைக் குறையுங்கள். அந்த அரண்மனை இருட்டாகத்தான் இருக்க வேண்டும். அதன் குளிர்ச்சியே அங்கேதான் இருக்கிறது.

ஸ்லைடு 9: குடும்பப் படம்
இடது: திற்பரப்பு, 0.5 லென்ஸ். ஓரத்தில் நின்ற மாமாவின் முகம் இழுபட்டிருக்கிறது, அருவி வெறும் வெள்ளை.
வலது: 1x, நாலடி பின்னால் நகர்ந்து எடுத்தது.

அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பவர்களை இழுத்துவிடும். ஆளை எடுக்க 1x அல்லது 2x. வெளிச்சத்துக்கு அருவி நீரைத் தொடுங்கள், முகம் கொஞ்சம் இருண்டால் பரவாயில்லை.

ஸ்லைடு 10: போனைத் தலைகீழாக
இடது: மணக்குடி காயல், நின்றபடி. படகு தூரத்தில், தண்ணீர் ஒரு சாம்பல் பட்டை.
வலது: போனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸைத் தண்ணீருக்குப் பக்கத்தில் இறக்கி எடுத்தது. படகும் அதன் பிம்பமும்.

காற்று இல்லாத விடியற்காலையில் முயலுங்கள். போனை இறுக்கிப் பிடியுங்கள்.

கீழே போடும் குறிப்பு

எல்லாப் படமும் சாதாரணப் போனில், கூடவே வந்த கேமரா ஆப்பில் எடுத்தவை. போன் மாற்ற வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு: மாற்றுவதற்கு முன்னால் ஒரே இடத்துக்குக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மழைக்காலத்தில் படம் நன்றாக வராது என்று வீட்டில் உட்கார வேண்டாம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மேகம் மூடிய நாளில் முகம், இலை, நனைந்த ரப்பர் தோட்டம் எல்லாம் வெயில் நாளைவிட நன்றாக வரும். வெறும் வெள்ளை வானத்தை மட்டும் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

கன்னியாகுமரி முனையில் சூரியன் கடலுக்குள் இறங்குவது வேண்டுமென்றால் மார்கழி, தை நல்ல சமயம். கோடையில் அது கரைப்பக்கம் சாய்ந்துவிடும்.

குளச்சல், முட்டம் கரையில் வலை உலர்த்துகிறவர்களைப் படம் எடுக்கும் முன் "அண்ணே, ஒரு படம் எடுக்கட்டா?" என்று கேளுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் போனை இறக்கிவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றவர்களிடம் கேளுங்கள்.

எந்த ஸ்லைடு புரியவில்லை என்று கமென்டில் எண்ணைப் போடுங்கள், விளக்குகிறேன். உங்கள் ஜோடிப் படங்களை டேக் செய்தால், கேட்டுவிட்டு ஸ்டோரியில் போடுகிறேன்.

#போன்புகைப்படம் #குமரிமாவட்டம் #நாகர்கோவில் #தோவாளை #முட்டம்