மதுரை மாசி வீதியிலிருந்து மகால் வரை: வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்களுக்கான அரைநாள் நடைப்பயணம்

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, கனடா, ஐரோப்பா என்று பல நாடுகளிலிருந்து மதுரைக்கு வரும் நம்மவர்களில் பலர், காரில் வந்து இறங்கி அம்மனைத் தரிசித்துவிட்டு அன்றைக்கே ராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். ஆனால் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அவற்றைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அவற்றுக்கும் வெளியே மாசி வீதிகள் என்று ஒன்றையொன்று சூழ்ந்து அமைந்த இந்தப் பழைய நகரத்தை நடந்து பார்த்தால்தான் அதன் அமைப்பு பிடிபடும். அதற்காகவே, காலை 6.30 மணிக்குத் தொடங்கி 11.30 மணிக்கு முடியும் இந்த நடைப்பயணத்தை, திங்கள், புதன், வியாழன், சனி ஆகிய நான்கு நாட்களிலும் நடத்தி வருகிறோம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 4 கிலோமீட்டர். இடையிடையே உட்கார்ந்து இளைப்பாற நேரம் உண்டு.

மேல மாசி வீதியில் உள்ள கதர் விற்பனை நிலையத்தின் வாசலில் கூடுகிறோம். 1921 செப்டம்பர் 22 அன்று, குஜராத்தி உடையைக் களைந்து இடுப்பில் ஒற்றை வேட்டியுடன் காந்தியடிகள் வெளியே வந்தது இந்த வீட்டிலிருந்துதான். அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது என்பதால், வெளியில் நின்றபடியே அந்த நாளின் செய்திகளைச் சொல்லி, அங்கிருந்து மேலக் கோபுரத்தை நோக்கி நடக்கத் தொடங்குவோம். வாகனங்கள் நுழையாத சித்திரை வீதி அந்தக் காலை வேளையில் கோலம் போடுபவர்களுக்கும் பூக்கட்டுபவர்களுக்கும் சொந்தமாக இருக்கும். நான்கு கோபுரங்களில் மிக உயரமான தெற்குக் கோபுரத்தை நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு, கிழக்கு வாசலை அடைவோம்.

கோயிலுக்குள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். இந்த நடையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். அவசரமாக வந்து போகிறவர்கள் தவறவிடும் கம்பத்தடி மண்டபத்தில் நீண்ட நேரம் நிற்போம். அங்கே மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பத்தில், தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் திருமாலின் கையையும், வெட்கத்தில் சற்றே தலை சாய்த்து நிற்கும் அம்மனின் முகத்தையும் அருகிலிருந்து பார்க்கலாம். கருங்கல்லில் அந்த நாணத்தைக் கொண்டுவந்த சிற்பியின் பெயர் தெரியாவிட்டாலும், அவர் உளியின் நுட்பத்தை ஒவ்வொரு விரலிலும் காணலாம். பொற்றாமரைக் குளத்தின் படிகளில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு, 985 தூண்களைக் கொண்ட ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்ப்போம். சுவாமி, அம்மன் சந்நிதிகளில் தரிசனம் செய்ய விரும்புவோர் பொது வரிசையில் சென்று வரலாம். ஆனால் கூட்டம் மிகுந்த நாட்களில் அதற்கு நேரம் போதாமல் போகலாம் என்பதால், தரிசனத்துக்கென்று தனியே ஒரு மாலையை வைத்துக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. இந்துக்கள் அல்லாத துணைவரோ நண்பரோ உடன் வந்தால், அவர்கள் மண்டபங்களைப் பார்க்கலாம், கருவறைப் பகுதிக்குள் மட்டும் அனுமதி இல்லை.

வெளியே வந்ததும் எதிரில் நிற்பது திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபம். தூண்களுக்கு நடுவே தையல்காரர்களும் பாத்திர வியாபாரிகளும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வந்த இடம் இது. அந்தக் கடைகள் இப்போது வேறிடத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. திருப்பணியின் காரணமாக உள்ளே விடாத நாட்களில் வெளியிலிருந்தே பார்ப்போம். அதை அடுத்து, அதே மன்னர் தொடங்கி முடிவு பெறாமல் நின்றுபோன ராயகோபுரம். ஒரே கல்லில் செதுக்கிய அதன் நிலைக்கால்களில் கொடி சுற்றிச் செல்லும் வேலைப்பாட்டை, பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கும் பித்தளைக் குடங்களுக்கும் எவர்சில்வர் அண்டாக்களுக்கும் இடையில் நின்றுதான் பார்க்க வேண்டும். இதற்கு மேல் ஒரு கோபுரம் எழும்பியிருந்தால் எவ்வளவு உயரம் வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒன்பது மணியளவில் காலை உணவு. வாழை இலையில் இட்லி, வெண்பொங்கல், உளுந்த வடை, மூன்று வகைச் சட்னி, சாம்பார், அதன் பிறகு டபராவில் காபி. அனைத்தும் சைவம்.

அங்கிருந்து கீழ மாசி வீதி வழியாக விளக்குத்தூணுக்கு நடப்போம். கோட்டைச் சுவரை இடித்து நகரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுவப்பட்ட விளக்கு அது. அந்தப் பணியில் அவருக்குத் துணையாக நின்றவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் வழங்குகின்றன. ஜவுளிக் கடைகளின் சந்துக்குள் திடீரென்று எழுந்து நிற்கும் பத்துத்தூணைக் கடந்து, மகால் பகுதித் தெருவொன்றில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தின் வீட்டுக்குச் செல்வோம். அந்த வீட்டு அம்மாள், துணியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி, ஒவ்வொரு பொட்டின் அடியிலும் நூலை இறுகச் சுற்றி முடிச்சிடுவார். சாயத்தில் தோய்த்து உலர்த்தி முடிச்சை அவிழ்க்கும்போது, நூல் இறுக்கிய இடமெல்லாம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். இதுதான் மதுரைச் சுங்குடி. நீங்களும் ஒரு கைக்குட்டையில் முடிச்சிட்டுப் பார்க்கலாம். அங்கே சேலை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எந்தக் கடையிலிருந்தும் நாங்கள் தரகு வாங்குவதில்லை.

நிறைவாகத் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டப்பட்ட அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே என்றாலும், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அந்தத் தூண்களின் பருமனும் சொர்க்க விலாசத்தின் வளைவுகளும் பார்ப்பவரைப் பேசவிடாமல் செய்துவிடும். வெளியே வந்ததும் ஆளுக்கொரு தம்ளர் ஜிகர்தண்டா அருந்திவிட்டு விடைபெறலாம்.

ஒரு குழுவில் அதிகபட்சம் எட்டுப் பேரை மட்டுமே சேர்த்துக்கொள்கிறோம். இதைவிடக் கூடினால் குறுகிய சந்துகளில் வழிகாட்டியின் குரல் கடைசியில் நிற்பவருக்கு எட்டாது. குறைந்தது இரண்டு பேர் பதிவு செய்திருந்தால் நடை நடைபெறும். விளக்கம் தமிழில் இருக்கும். தமிழ் சரளமாக வராத பிள்ளைகளுக்கு வழிகாட்டி ஆங்கிலத்திலும் சொல்லுவார்.

கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 1,800 ரூபாய். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 900 ரூபாய். அதற்கும் குறைந்த வயதினருக்குக் கட்டணம் இல்லை. வழிகாட்டி, மகால் மற்றும் ஆயிரங்கால் மண்டப நுழைவுச்சீட்டு, காலை உணவு, குடிநீர், சுங்குடிப் பயிற்சி, ஜிகர்தண்டா ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். விடுதியிலிருந்து வந்து போகும் ஆட்டோ செலவும், மகாலில் படம் எடுப்பதற்கான கேமரா கட்டணமும் அடங்கா. உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனியாக நடத்த வேண்டுமானால், ஐந்து பேர் வரை மொத்தம் 11,000 ரூபாய்.

கோயிலுக்குள் கைப்பேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி கிடையாது. கிழக்கு வாசல் பாதுகாப்பறையில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆண்கள் வேட்டியோ முழுக்கால் சட்டையோ, பெண்கள் சேலை, சுடிதார் அல்லது தாவணியோ அணிந்து வர வேண்டும். அரைக்கால் சட்டையும் கையில்லாத மேலாடையும் வேண்டாம். வெறுங்காலுடன் கல்தரையில் நெடுநேரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதையும், மகாலைத் தவிர வேறெங்கும் சக்கர நாற்காலிக்கு வசதியான பாதை இல்லை என்பதையும் முதியவர்களை அழைத்து வருவோர் முன்கூட்டியே கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். சித்திரைத் திருவிழா நாட்களில் நடை நடைபெறாது. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலை முன்னிட்டு 6 மணிக்கே தொடங்கும்.

நீங்கள் தங்கியிருக்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் பெயர், ஆட்களின் எண்ணிக்கை, பிள்ளைகளின் வயது ஆகியவற்றைச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவின்போது பாதிக் கட்டணமும், நடை தொடங்கும் முன் மீதியும் செலுத்த வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்; மழையினால் நாங்கள் ரத்து செய்ய நேர்ந்தால், வேறொரு நாளையோ முழுத் தொகையையோ நீங்கள் தேர்ந்துகொள்ளலாம்.