அம்மாவின் ரத்த ரிப்போர்ட்: போட்டோவுக்குப் பதிலாகத் தட்டச்சு செய்தது

மாமா, அக்கா,

நேற்று ராத்திரி நான் போட்ட ரிப்போர்ட் போட்டோவை நீங்கள் யாரும் பார்க்கும் முன்பே தம்பி நீக்கிவிட்டான். அவன் செய்ததுதான் சரி. அம்மாவின் முழுப்பெயர், கைபேசி எண், லேபின் க்யூஆர் கட்டம் மூன்றும் அதில் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்தால் மொத்த ரிப்போர்ட்டும் திறக்கும். நான் அதைப் போட்ட குழுவில் தெருக்காரர்களும் இருக்கிறார்கள். அதனால் உங்கள் இருவருக்கு மட்டும் எண்களைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். தாளைப் பார்த்தே அடித்தேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்த லேப் அச்சிட்டிருக்கும் ரேஞ்ச். கூகுளில் எடுத்தது எதுவும் இல்லை.

அம்மாவுக்கு 58 வயது. ரத்தம் எடுத்தது 12-ஆம் தேதி காலை 7.10-க்கு, 10 மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்ட பின் சர்க்கரை மட்டும் 9.40-க்கு. கடந்த மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை, பி12 ஊசி, பயோட்டின் கலந்த முடி மாத்திரை எதுவும் எடுக்கவில்லை. ரத்தம் சிதைந்திருந்ததாக லேப் குறிப்பு எதுவும் இல்லை.

ரத்த அணுக்கள்:
ஹீமோகுளோபின் 8.9 g/dL (12.0–15.0) குறைவு
சிவப்பணு 4.05 million/µL (3.8–4.8)
பிசிவி 29.2 % (36–46) குறைவு
எம்சிவி 72.1 fL (83–101) குறைவு
எம்சிஎச் 22.0 pg (27–32) குறைவு
எம்சிஎச்சி 30.5 g/dL (31.5–34.5) குறைவு
ஆர்டிடபிள்யூ-சிவி 18.4 % (11.6–14.0) அதிகம்
வெள்ளையணு 7,400 /µL (4,000–10,000)
நியூட்ரோபில் 58, லிம்போசைட் 33, ஈசினோபில் 5, மோனோசைட் 4, பேசோபில் 0 (எல்லாம் %, கூட்டினால் 100 வருகிறது)
தட்டணு 4.32 லட்சம்/µL (1.5–4.1) அதிகம்
ஈஎஸ்ஆர் 42 mm/hr (0–20) அதிகம்

ஸ்மியரில் எழுதியிருப்பது: சிவப்பணுக்கள் சிறியவை, வெளிறியவை, அளவு ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது, பென்சில் போன்ற அணுக்கள் சில. இளம் வெள்ளையணுக்கள் இல்லை.

இரும்பும் மற்றவையும்:
ஃபெரிட்டின் 9 ng/mL (13–150) குறைவு
சீரம் இரும்பு 28 µg/dL (50–170) குறைவு
டிஐபிசி 448 µg/dL (250–425) அதிகம்
டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 6.3 % (15–50) குறைவு
வைட்டமின் பி12 186 pg/mL (197–771) குறைவு
சிஆர்பி 3.1 mg/L (5-க்குக் கீழ்)
டிஎஸ்எச் 5.8 µIU/mL (0.27–4.2) அதிகம்
கிரியாட்டினின் 0.9 mg/dL (0.5–1.1), ஈஜிஎஃப்ஆர் 74
யூரியா 26 mg/dL (17–43)
பொட்டாசியம் 4.6 mmol/L (3.5–5.1)

சர்க்கரை:
வெறும் வயிற்றில் 118 mg/dL (70–100) அதிகம்
சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 156 mg/dL (140-க்குக் கீழ்) அதிகம்
எச்பிஏ1சி 7.9 %, எச்பிஎல்சி முறை (5.7-க்குக் கீழ்) அதிகம்

தசமப் புள்ளி எங்காவது நழுவியிருக்குமோ என்று கணக்குப் போட்டும் பார்த்துவிட்டேன்.

```
29.2 × 10 ÷ 4.05 = 72.1
8.9 × 10 ÷ 4.05 = 22.0
8.9 × 100 ÷ 29.2 = 30.5
28 ÷ 448 × 100 = 6.3
```

முதல் மூன்றும் தாளில் உள்ள எம்சிவி, எம்சிஎச், எம்சிஎச்சியோடு பொருந்துகின்றன. நான்காவது டிரான்ஸ்ஃபெரின் நிறைவோடு. ஒரு எண்ணைத் தப்பாக அடித்திருந்தால் இங்கேயே இடித்திருக்கும். ஃபெரிட்டின், பி12, டிஎஸ்எச், சிஆர்பி ஆகியவற்றுக்கு இப்படிச் சரிபார்க்கும் வழி கிடையாது. அவற்றைத் தங்கச்சி தாளைப் பார்த்து வாசிக்க, நான் திரையில் ஒப்பிட்டேன். சிஆர்பி அலகு mg/L-தான். அதை mg/dL என்று படித்தால் பத்து மடங்கு கூடிவிடும்.

அக்கா, மான்செஸ்டரில் உங்கள் வார்டில் பார்க்கும் அலகுகளில் வேண்டுமென்றால்: ஹீமோகுளோபின் 89 g/L, எச்பிஏ1சி 63 mmol/mol, சர்க்கரை 6.6, 8.7 mmol/L, கிரியாட்டினின் 80 µmol/L, இரும்பு 5.0 µmol/L, டிஐபிசி 80 µmol/L. ஃபெரிட்டின் µg/L-லும் அதே 9. தட்டணு 432 ×10⁹/L. பி12 ng/L என்றால் அதே 186, pmol/L என்றால் 137. மாற்றியவை என் கணக்கு, ரிப்போர்ட்டில் இல்லை. ரேஞ்சை நான் மாற்றவில்லை. அங்குள்ள ரேஞ்சோடு இந்த எண்களை ஒட்டிப் பார்க்காதீர்கள், பி12-க்கு முக்கியமாக. கருவிக்குக் கருவி அதன் எல்லை மாறும்.

மாமா, எனக்கு உறுத்துவது எச்பிஏ1சிதான். 7.9 என்றால் சராசரி சர்க்கரை 180 mg/dL வர வேண்டும். வீட்டில் குளுக்கோமீட்டரில் இரண்டு வாரமாகக் காலையில் 110 முதல் 126 வரை, சாப்பிட்ட பின் 150 முதல் 170 வரைதான் வருகிறது. லேப் எண்களும் அதையொட்டியே. இரும்புக் குறைவில் எச்பிஏ1சி பொய்யாக ஏறும் என்பதால், இதை நம்பி சர்க்கரை மாத்திரையைக் கூட்ட வேண்டாமே என்று கேட்கிறேன். தட்டணுவும் ஈஎஸ்ஆரும் ஏறியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: தட்டணு இரும்புக் குறைவிலேயே ஏறும், ஈஎஸ்ஆர் சோகையிலேயே ஏறும். சிஆர்பி சரியாக இருப்பதும் ஒரு தைரியம். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும், ஆனால் 9 என்று வந்துவிட்ட பிறகு இருப்பு காலி என்பதில் சந்தேகமில்லை.

தலசீமியா சுமப்பவரோ என்று அக்கா போன தடவை கேட்டீர்கள். எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்தால் 17.8. 13-க்கு மேல் என்பதால் இரும்புக் குறைவின் பக்கம்தான் சாய்கிறது. எட்டு மாதம் முன்பு ஹீமோகுளோபின் 11.2, எம்சிவி 80 இருந்தது (வேறு லேப்). பிறவியிலேயே வந்ததென்றால் எம்சிவி அப்போதே இந்த அளவு தாழ்ந்திருக்கும்.

இப்போது எடுக்கும் மாத்திரைகள்: மெட்ஃபார்மின் 500 மி.கி. காலை, இரவு, 9 வருடமாக. ஆஸ்பிரின் 75 மி.கி. மதியம். பான்டோபிரசோல் 40 மி.கி. காலை, 2 வருடமாக. அம்லோடிபின் 5 மி.கி. இரவு. பி12 குறைவுக்கு மெட்ஃபார்மினும் பான்டோபிரசோலும் காரணமாக இருக்கலாம். மாதவிலக்கு நின்று 7 வருடம் ஆகிறது, அதன் பிறகு ரத்தப்போக்கு இல்லை. மலம் கறுப்பாகப் போகவில்லை என்கிறார், ஆனால் அம்மா இதையெல்லாம் கவனித்துப் பார்க்கிற ஆள் இல்லை. எடை எட்டு மாதத்தில் 61-லிருந்து 57.5 கிலோ. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு 96, ரத்த அழுத்தம் 124/76. நெஞ்சுவலி, மயக்கம் இல்லை.

நீங்கள் சொல்ல வேண்டியது மூன்று, மாமா. ஆஸ்பிரினை நிறுத்தலாமா? இந்த வயதில் இரும்பு எங்கே போகிறது என்று வயிறு, குடல் இரண்டுக்கும் ஸ்கோப் எப்போது பார்க்கலாம், மதுரைக்கே கூட்டி வரட்டுமா? இரும்பு மாத்திரையை நாளைக்கே ஆரம்பிக்கலாமா, இல்லை ஸ்கோப் முடிந்த பிறகா? கொலோனோஸ்கோப்பிக்கு முன் இரும்பு மாத்திரை எடுத்தால் குடல் கறுத்துப் பார்வை மறையும் என்பதால் கேட்கிறேன். டிஎஸ்எச்சை ஃப்ரீ டி4-ஓடு ஆறு வாரத்தில் மறுபடி பார்க்கலாம் என்று நினைக்கிறேன், இப்போதைக்கு அவசரம் இல்லை.

தாளின் போட்டோ வேண்டுமென்றால் பெயர், எண், க்யூஆர் மூன்றின் மேலும் காகிதத் துண்டு வைத்து மறைத்துத் திரும்ப எடுக்கிறேன். போனில் பேனாவால் கிறுக்கி மறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டினதும் சில நேரம் அடியில் இருப்பது தெரிந்துவிடுகிறது. அம்மாவை சாயங்காலம் 6 மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதுவரை தூங்குவார்.