ஒப்பந்தத் தொகைத் திருத்தம்: ஒரு கடிதமும் இணைப்பு ஒப்பந்தமும்

மடிப்பாக்கம், சென்னை
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வக்குமார் தம்பிக்கு,

வணக்கம். பேஸ்மென்ட் வேலை நன்றாக வந்திருக்கிறது. மழைக்கு முன்னால் மண் நிரப்பி இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டதில் எனக்குப் பெரிய நிம்மதி.

கடன் கொடுக்கும் வங்கியில் அடுத்த தவணைக்காக நம் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோது ஒன்றைக் கேட்டார்கள். 4ஆம் பிரிவில் மொத்தத் தொகை ரூ. 29,70,000 என்று இருக்கிறது. 3ஆம் பிரிவிலோ சதுர அடிக்கு ரூ. 2,250, பரப்பு 1,240 சதுர அடி. பெருக்கினால் ரூ. 27,90,000தான் வருகிறது. அட்டவணையில் உள்ள ஏழு தவணைகளையும் கூட்டிப் பார்த்தேன், அதுவும் 27,90,000. டைப் செய்த இடத்தில் 7உம் 9உம் இடம் மாறிவிட்டன. அந்த எண்ணைப் பார்த்தே எழுத்தாலும் அடித்திருக்கிறார்கள். காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளது செல்லும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே இரண்டுமே ஒரே தவறைச் சொல்வதால் அந்த வழியும் நமக்கு உதவாது.

உங்கள் மேல் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அட்வான்சும் பேஸ்மென்ட் தவணையும் அட்டவணைப்படிதான் வாங்கினீர்கள். ரசீதிலும் அதே தொகைதான் இருக்கிறது. ஆனாலும் 1,80,000 ரூபாய் வித்தியாசத்தைக் காகிதத்தில் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. நாளைக்கு நம் இருவர் இடத்தில் வேறு யாராவது இருந்து இதைப் படித்தால், அவர்களுக்குத் தெரிவது காகிதத்தில் இருப்பது மட்டும்தான்.

பேனாவால் அடித்து மேலே எழுதிவிடலாமே என்று நேற்று போனில் கேட்டீர்கள். வேண்டாம் தம்பி. கையெழுத்தான பத்திரத்தில் தொகையை அடித்து எழுதினால், யார் எப்போது மாற்றினார்கள் என்ற கேள்வி பின்னால் வரும். வங்கியில் உள்ள நகலில் பழைய எண்ணே இருக்கும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் இணைப்பு ஒப்பந்தம் போட்டு இருவரும் கையெழுத்திட்டால் போதும். மூல ஒப்பந்தத்தை நாம் பதிவு செய்யவில்லை, அதனால் இதற்காகவும் சார்பதிவாளர் அலுவலகம் போக வேண்டியதில்லை. ஒருவர் சம்மதிக்காத நிலையில்தான் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 26ஆம் பிரிவின்படி, இருதரப்புக்கும் பொதுவாக நேர்ந்த தவறு என்று காட்டி நீதிமன்றத்தில் திருத்தம் கேட்க வேண்டியிருக்கும். நமக்கு அந்த அலைச்சல் எதற்கு?

இதில் ஒன்றை நீங்களும் கவனிக்க வேண்டும். தாமதத்துக்கான 11ஆம் பிரிவு மொத்தத் தொகையில் வாரத்துக்கு அரை சதவீதம் என்று சொல்கிறது. தவறான தொகைப்படி நான் வாரத்துக்கு ரூ. 14,850 பிடித்தம் செய்யலாம். திருத்தினால் ரூ. 13,950தான். எனக்குச் சாதகமாக இருந்த இந்த இடமும் சேர்ந்தே சரியாகட்டும் என்று தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.

சம்ப், காம்பவுண்ட் சுவர் பற்றி நாம் பேசியதை இதில் சேர்க்கவில்லை. அது புது வேலை. 7ஆம் பிரிவுப்படி தனியாக மதிப்பீடு கொடுங்கள், தனியாகக் கையெழுத்துப் போடுவோம். தவறைத் திருத்தும் காகிதத்தில் புதுப் பேச்சைக் கலந்தால், திருத்தம் எது, புதிதாக ஒத்துக்கொண்டது எது என்று பின்னால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வாசகம் கீழே இருக்கிறது. படித்துப் பார்த்து, உங்கள் கணக்கர் ஏதாவது சொன்னாலும் சொல்லுங்கள். சரி என்றால் வெள்ளிக்கிழமை மாலை சைட்டிலேயே கையெழுத்திடலாம்.

அன்புடன்,
கே. மீனாட்சி

திருத்த இணைப்பு ஒப்பந்தம்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8ஆம் நாள், சென்னை மடிப்பாக்கத்தில் வசிக்கும் திருமதி கே. மீனாட்சி (இனி ‘உரிமையாளர்’), சென்னை கீழ்க்கட்டளையில் கட்டுமானத் தொழில் செய்யும் திரு. ஆர். செல்வக்குமார் (இனி ‘ஒப்பந்ததாரர்’) ஆகிய இருவரும் மனமொப்பி எழுதிக்கொண்ட திருத்த இணைப்பு ஒப்பந்தம்.

உரிமையாளரின் மடிப்பாக்கம் மனையில் 1,240 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டித் தர, 12.06.2025 அன்று இருவரும் கட்டுமான ஒப்பந்தம் (இனி ‘மூல ஒப்பந்தம்’) செய்துகொண்டார்கள். அதன் 3ஆம் பிரிவில் உள்ள சதுர அடி விலையும் பரப்பும், அட்டவணை ‘அ’வில் உள்ள தவணைகளின் கூட்டுத்தொகையும் ரூ. 27,90,000 என்றே அமைந்துள்ளன. இருவரும் பேசி முடித்த தொகையும் அதுவே. தட்டச்சில் எண்கள் இடம் மாறியதால் 4ஆம் பிரிவில் மட்டும் வேறு தொகை பதிவாகியுள்ளது. இது இருதரப்பும் கவனிக்காமல் நேர்ந்த எழுத்துப் பிழை என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

1. மூல ஒப்பந்தம் 4ஆம் பிரிவில் “ரூ. 29,70,000 (ரூபாய் இருபத்தொன்பது லட்சத்து எழுபதாயிரம் மட்டும்)” என்று உள்ள இடத்தில் “ரூ. 27,90,000 (ரூபாய் இருபத்தேழு லட்சத்துத் தொண்ணூறாயிரம் மட்டும்)” என்று படிக்கப்பட வேண்டும்.

2. இத்திருத்தம் மூல ஒப்பந்தம் கையெழுத்தான 12.06.2025 முதலே இருந்ததாகக் கொள்ளப்படும். 11ஆம் பிரிவு உட்பட, ‘மொத்த ஒப்பந்தத் தொகை’ என்று வரும் எல்லா இடங்களிலும் திருத்திய தொகையே பொருந்தும்.

3. முன்பணம் ரூ. 2,79,000, பேஸ்மென்ட் முடிந்ததற்கான தவணை ரூ. 5,58,000, ஆக மொத்தம் ரூ. 8,37,000 ஒப்பந்ததாரர் பெற்றுக்கொண்டது சரியே. மீதமுள்ள தவணைகள் அட்டவணை ‘அ’வில் உள்ளபடி: லிண்டல் மட்டம் ரூ. 4,18,500, ரூஃப் கான்கிரீட் ரூ. 6,97,500, பூச்சு வேலை ரூ. 4,18,500, டைல்ஸும் பெயின்ட்டும் ரூ. 2,79,000, சாவி ஒப்படைக்கும்போது ரூ. 1,39,500. ஆக மீதித் தொகை ரூ. 19,53,000.

4. பிழையான தொகையை ஆதாரமாகக் கொண்டு எந்தத் தரப்பும் கூடுதல் தொகையோ கூடுதல் பிடித்தமோ கோரக் கூடாது.

5. மேலே சொன்னது தவிர மூல ஒப்பந்தத்தின் வேறு எந்த நிபந்தனையும் மாறவில்லை. வேலையின் அளவு, பொருள்களின் தரம், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் முன்பு உள்ளபடியே இருக்கும். இது புதிய ஒப்பந்தம் ஆகாது. மூல ஒப்பந்தத்தின் பகுதியாக, அதனுடன் சேர்த்தே படிக்கப்பட வேண்டும்.

6. முத்திரைத்தாளில் இரண்டு அசல்கள் தயாரித்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். கையெழுத்தான 7 நாட்களுக்குள் உரிமையாளர் இதன் நகலை, மூல ஒப்பந்த நகல் உள்ள வங்கிக் கிளையில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும்.

மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்து, பொருள் புரிந்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டோம்.

உரிமையாளர்: கே. மீனாட்சி
ஒப்பந்ததாரர்: ஆர். செல்வக்குமார்

சாட்சிகள்:
எஸ். வசந்தி, மடிப்பாக்கம்
பி. தாமோதரன், கீழ்க்கட்டளை